விட்டதைப் பிடிக்க முடியாதது ஏன்? மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செந்தில்,

"மூணு நாளைக்கு ஒரு நாள் ஜெயிக்கத்தாம்ப்பா செய்றேன். அப்புறம் எப்படி மாசக் கடைசியில கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது?" என்று போன வாரம் போனில் கேட்டாய். கேட்ட கையோடு, நான் திட்டப்போகிறேன் என்று நினைத்தோ என்னவோ, பேச்சை மாற்றிவிட்டாய். திட்டுவதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நிகழ்தகவு நடத்திய காலத்தில் இப்படி ஒரு கேள்வி வந்திருந்தால், அந்தப் பாடம் முழுவதையும் அதை வைத்தே நடத்தியிருப்பேன். போனில் சொன்னால் பாதியில் அறுந்துபோகும் என்பதால் எழுதுகிறேன்.

உன் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அடிக்கடி ஜெயிக்கிறவன் மொத்தத்தில் தோற்பது எப்படி என்பது ஒன்று. அதற்குக் கணக்கு பதில் சொல்லும். தோற்கிறோம் என்று தெரிந்தும் மறுநாள் ராத்திரி கிரிக்கெட் பெட் கட்டக் கை ஏன் போனுக்குப் போகிறது என்பது மற்றொன்று. அதற்கு மூளையைப் பற்றிப் பேச வேண்டும்.

கணக்கை முதலில் பார்ப்போம். அடுத்த ஓவரில் இத்தனை ரன்னுக்கு மேலா, கீழா என்று நீ கட்டுகிற பெட்டை விட்டுவிட்டு, எல்லாவற்றிலும் எளிதான டாஸை எடுத்துக்கொள். தலைக்கும் பூவுக்கும் சம வாய்ப்பு. நியாயமான பந்தயம் என்றால் நூறு ரூபாய் கட்டியவனுக்கு, ஜெயித்தால், கட்டிய நூறோடு சேர்த்து இருநூறு கிடைக்க வேண்டும். ஆனால் இரண்டு பக்கமும் ஆட்ஸ் 1.90 என்று போட்டிருப்பார்கள். அதாவது ஜெயித்தவன் கைக்கு வருவது 190. ஒருவன் தலைக்கு நூறும் இன்னொருவன் பூவுக்கு நூறும் கட்டினால் உள்ளே போவது 200, வெளியே வருவது 190. நாணயம் எப்படி விழுந்தாலும் நடத்துகிறவனுக்குப் பத்து ரூபாய். கட்டுகிற ஒவ்வொரு ரூபாயிலும் சராசரியாக ஐந்து பைசா அவன் கழிவு.

இந்தக் கழிவு எங்கேயும் எழுதியிருக்காது, ஆனால் நீயே கண்டுபிடிக்கலாம். ஒரு பெட்டில் எத்தனை பக்கம் உண்டோ அத்தனை ஆட்ஸாலும் நூறைத் தனித்தனியே வகுத்து, வந்த விடைகளைக் கூட்டு. 1.90-க்கு 1.90 என்றால் 52.6-ம் 52.6-ம் சேர்ந்து 105 சொச்சம். 1.80-க்கு 1.80 என்றால் 111. நியாயமான பந்தயத்தில் சரியாக நூறு வர வேண்டும். நூறுக்கு மேல் நிற்பதுதான் அவர்கள் பங்கு.

ஐந்து பைசாதானே என்று தோன்றும். மாவு மில்லை நினைத்துப் பார். ஒரு தடவை அரைத்தால் எந்திரத்தில் கொஞ்சம் மாவு ஒட்டிக்கொள்ளும், யாரும் கவலைப்படுவதில்லை. அதே மாவைத் திரும்பத் திரும்ப நாற்பது தடவை கொட்டி அரைத்தால்? நீ டெபாசிட் செய்வது ஆயிரம் ரூபாயாக இருக்கலாம். ஆனால் நூறு நூறாக நாற்பது பெட் கட்டினால் அந்த ஆயிரம் சுற்றிச் சுற்றி நாலாயிரமாக மில்லுக்குள் போகிறது. கழிவு நாலாயிரத்துக்கு. அதாவது சராசரியாக ஒரு ராத்திரிக்கு 200 ரூபாய். முன்பெல்லாம் ஒரு மேட்சுக்கு ஒரு பெட் கட்டினார்கள். இப்போது ஓவருக்கு ஒன்று, பந்துக்கு ஒன்று என்று வைத்திருப்பது மாவை அத்தனை தடவை எந்திரத்தில் விடத்தான்.

இனி உன் 'மூணு நாளைக்கு ஒரு நாள்' விஷயம். நாற்பது பெட்டில் 22 ஜெயித்தால்தான் அன்றைக்கு லாபம். 21 ஜெயித்தால்கூடப் பத்து ரூபாய் நஷ்டம். நாணயத்தை நாற்பது தடவை சுண்டினால் 22 அல்லது அதற்கு மேல் தலை விழும் வாய்ப்பு எவ்வளவு என்று போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு 32. ஏறக்குறைய மூன்றில் ஒன்று! ஆக, நீ சொன்னது பொய்யில்லை. எந்தத் திறமையும் இல்லாமல் நாணயம் சுண்டுகிறவனும் மூன்று ராத்திரிக்கு ஒரு ராத்திரி ஜெயித்துவிட்டுத்தான் தூங்கப் போவான்.

இதே ஆளை முப்பது ராத்திரி ஆடவிடு. மொத்தம் 1200 பெட். சராசரி நஷ்டம் ஆறாயிரம் ரூபாய். மாதக் கடைசியில் அவன் லாபத்தில் நிற்கும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று, நான்குதான். நூறு ராத்திரி ஆடினால் சராசரி நஷ்டம் இருபதாயிரம். லாபத்தில் நிற்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே.

காரணம் இதுதான். அதிர்ஷ்டம் என்று நாம் சொல்வது சராசரிக்கு மேலும் கீழும் ஆடுகிற ஊசலாட்டம். பெட்டுகளின் எண்ணிக்கை நான்கு மடங்கானால் கழிவும் நான்கு மடங்காகும், ஊசலாட்டமோ இரண்டு மடங்குதான் ஆகும். ஒரு ராத்திரியில் ஊசலாட்டம் கழிவைவிடப் பெரியது. அதனால் ஜெயிக்க முடிகிறது. ஒரு மாதத்தில் கழிவு முந்திவிடுகிறது. யாக்கோபு பெர்னூலி நிறுவிய பெருமெண் விதி, அவர் இறந்த பிறகு 1713-இல் அச்சில் வந்தது. முடிச்சை அவிழ்ப்பது அந்த விதிதான். உன் நினைவில் நிற்பது ராத்திரிகள், உன் வங்கிக் கணக்கில் நிற்பது மாதங்கள்.

"நான் சும்மா நாணயம் சுண்டலப்பா, எனக்கு கிரிக்கெட் தெரியும்" என்பாய். தெரியும், மறுக்கவில்லை. ஆனால் 1.90 ஆட்ஸில் அசலைக் காப்பாற்றவே நூற்றுக்கு ஏறத்தாழ 53 தடவை நீ சரியாகச் சொல்ல வேண்டும், அதுவும் ஆயிரக்கணக்கான பெட்டுகளில். எதிர்ப்பக்கம் ஆட்ஸ் போடுகிறவர்களுக்கு உனக்குத் தெரிந்த பிட்சும் பௌலரும் தெரியும். அதோடு, மைதானத்தில் விழுந்த பந்து உன் போன் திரைக்கு வந்து சேருவதற்குள் சில விநாடிகள் கழிந்துவிடும். நீ பார்ப்பது பழைய பந்து. அந்த விநாடிகளில் அவர்கள் ஆட்ஸை மாற்றியிருப்பார்கள், அல்லது பெட்டையே நிறுத்திவைத்திருப்பார்கள்.

விட்டதைப் பிடிக்கிற கதைக்கு வருவோம். தோற்றால் இரட்டிப்பாகக் கட்டு, ஒரு தடவை ஜெயித்தால் போட்டதெல்லாம் வந்துவிடும் என்று உன்னிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். 1.90 ஆட்ஸில் அதையும் போட்டுப் பார்த்தேன். நூறு தோற்றாய், இருநூறு கட்டி ஜெயித்தால் லாபம் 180. விட்ட நூறு போக 80 மிச்சம். இரண்டு தடவை தோற்று 400 கட்டி ஜெயித்தால் மிச்சம் 60. மூன்று தடவை தோற்று 800 கட்டி ஜெயித்தால் 20. நான்கு தடவை தோற்றவன் இதுவரை விட்டது 1500. அவன் 1600 கட்டி ஜெயித்தாலும் கிடைக்கும் லாபம் 1440. ஜெயித்த பிறகும் அறுபது ரூபாய் நஷ்டம்! ஐந்தாவது படியிலிருந்து இந்த வழியில் ஜெயித்தாலும் விட்டது கைக்கு வராது. அங்கிருந்து தொகை ஆயிரங்களில் ஏறும், கை கடன் செயலிகளுக்குப் போகும்.

தொடர்ந்து இத்தனை தடவை தோற்றாயிற்று, இனி ஜெயித்துத்தானே ஆக வேண்டும் என்று மனசு சொல்லும். 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலட் சக்கரத்தில் தொடர்ந்து 26 தடவை கறுப்பு விழுந்தது. ஒவ்வொரு கறுப்புக்குப் பிறகும் இனிச் சிவப்புதான் என்று கூட்டம் சிவப்பில் கொட்டி லட்சக்கணக்கில் இழந்தது. சக்கரத்துக்கு முந்தைய சுற்று நினைவில் இருப்பதில்லை.

இதெல்லாம் பொறியியல் படித்த உனக்குப் புதிதாக இருக்காது. ஒரு பேப்பரை எடுத்தால் நீயே போட்டிருப்பாய். ஆகவே கணக்குத் தெரியாததால் இது நடக்கவில்லை. உன் இரண்டாவது கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

மூளையின் அடிப்பகுதியில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிற நரம்பணுக்கள் இருக்கின்றன. அது இன்பத்தின் வேதிப்பொருள் என்று பத்திரிகைகளில் போடுவார்கள். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் வேறொன்றைக் காட்டின. விளக்கு எரியும், சற்றுப் பொறுத்துக் குரங்கின் வாயில் பழச்சாறு சொட்டும். தனித்தனி நரம்பணுவின் துடிப்பை மெல்லிய மின்முனையால் பதிவு செய்தார்கள். முதலில் சாறு விழும்போது அணுக்கள் துடித்தன. குரங்கு பழகிய பிறகு சாறுக்குத் துடிக்கவில்லை, விளக்குக்கே துடித்தன. விளக்கு எரிந்து சாறு வராமல் போனால், வர வேண்டிய அந்த நொடியில் துடிப்பு வழக்கத்துக்கும் கீழே இறங்கியது. கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அந்த அணுக்கள் சொல்கின்றன என்று 1997-இல் அவரும் பீட்டர் டயானும் ரீட் மான்டேக்கும் எழுதினார்கள். இதை எதிர்பார்ப்புப் பிழை எனலாம். மூளை கற்றுக்கொள்வது இந்தப் பிழையைக் கொண்டுதான்.

2003-இல் ஷுல்ட்ஸின் குழு இன்னொன்றைப் பார்த்தது. சில அடையாளங்களுக்குப் பிறகு சாறு நிச்சயம் வரும், சிலவற்றுக்குப் பிறகு வரவே வராது, சிலவற்றுக்குப் பிறகு பாதிக்குப் பாதி வாய்ப்பு. அடையாளம் தெரிந்ததிலிருந்து முடிவு தெரியும் வரை உள்ள இடைவெளியில் டோபமின் அணுக்களின் துடிப்பு மெல்ல மெல்ல ஏறியது. அந்த ஏற்றம் எங்கே உச்சம் என்றால், பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள இடத்தில். பரிசு நிச்சயமாக வரும் இடத்தில்கூட அவ்வளவு இல்லை. அந்த ஏற்றம் எதைக் குறிக்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் உண்டு. குரங்கின் நரம்பணுவிலிருந்து மனிதனின் பழக்கத்துக்கு ஒரே தாவாகத் தாவவும் கூடாது. ஆனாலும் பெட் கட்டியதற்கும் பந்து விழுவதற்கும் இடையிலான அந்தச் சில விநாடிகளை நீ நினைத்துப் பார்த்தால், நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்று புரியும்.

மனிதர்களில் இதற்குச் சான்று எதிர்பாராத ஒரு பக்கத்திலிருந்து வந்தது. பார்க்கின்சன் நோயில் டோபமின் அணுக்கள் அழிகின்றன. அதற்கு ஈடாக, டோபமின் வேலையைச் செய்கிற பிரமிபெக்ஸோல் போன்ற மாத்திரைகளைக் கொடுப்பார்கள். 2005-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், இந்த வகை மருந்து எடுத்துவந்த 11 நோயாளிகள் கட்டுக்கடங்காத சூதாட்டத்தில் இறங்கியதைப் பதிவு செய்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் எடுத்தது பிரமிபெக்ஸோல். மருந்தைக் குறைத்தோ நிறுத்தியோ பார்த்தபோது, தொடர்ந்து கவனிக்க முடிந்தவர்களிடம் அந்த வெறி அடங்கியது. பதினொரு பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் அதன் பிறகு வேறு பல இடங்களிலும் இதையே கண்டார்கள். இன்றைக்கு இந்த மருந்தை எழுதும் மருத்துவர் நோயாளியிடமும் வீட்டாரிடமும் இதை முன்கூட்டியே எச்சரிப்பது நடைமுறை.

செந்தில், இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவு நீளக் கடிதம். அந்த நோயாளிகளின் வளர்ப்பு மாறவில்லை, ஒழுக்கம் மாறவில்லை, புத்தி மங்கவில்லை. ஒரு மாத்திரை சேர்ந்தது, சூதாட்டம் வந்தது. மாத்திரை குறைந்தது, போனது. உனக்கு மாத்திரை யாரும் கொடுக்கவில்லை என்பது தெரியும். ஆனால் அதே பாதையைத் தட்டி எழுப்புகிற ஒன்றை, வேகமாக, இருட்டில், திரும்பத் திரும்ப உன் கையில் கொடுத்திருக்கிறார்கள். பெட் கட்டுகிற எல்லோரும் இதில் மாட்டுவதில்லை. மாட்டியவர்கள் கெட்டவர்களும் இல்லை. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்க் கையேட்டைத் திருத்தியபோது, சூதாட்டக் கோளாறைக் குடி, போதை அடிமைத்தனங்கள் இருக்கும் அத்தியாயத்துக்கே மாற்றியது. விட்டதைப் பிடிக்க மறுநாள் திரும்ப வருவது, முன்பு போதுமாக இருந்த தொகை போதாமல் போவது, நிறுத்தினால் எரிச்சல் வருவது, எவ்வளவு ஆடினோம் என்று வீட்டில் மறைப்பது என ஒன்பது அடையாளங்கள். ஒரு வருடத்துக்குள் அவற்றில் நான்கு இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று பொருள். எத்தனை இருக்கிறது என்று நீயே எண்ணிப் பார், எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ராத்திரியில் ஏன் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. சிங்கப்பூரில் ஒரு குழுவினர் ஒரே ஒரு இரவு தூங்காமல் விழித்திருந்தவர்களுக்குப் பந்தயக் கணக்குகளைக் கொடுத்துப் பார்த்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். நன்றாகத் தூங்கியவர்கள் நஷ்டத்தைத் தவிர்க்கப் பார்த்தார்கள். தூங்காதவர்களோ லாபத்தைக் கூட்டுகிற பக்கம் சாய்ந்தார்கள். இரவு இரண்டு மணிக்கு முடிவெடுக்கிறவன் காலையில் ஆபீஸ் போகிற அதே செந்தில் இல்லை. பகலில் செய்த சத்தியம் ராத்திரியில் நிற்காமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே 'இனிமேல் தொட மாட்டேன்' என்று எனக்குச் சத்தியம் செய்ய வேண்டாம். ஆசை எழும் நேரத்துக்கும் பணம் போகும் நேரத்துக்கும் நடுவே தடை போடுவதுதான் பலன் தரும். ஆசை பெரும்பாலும் தானாக ஏறித் தானாக இறங்கும். இறங்குகிற வரை பணம் கைக்கு எட்டாமல் இருந்தால் போதும். சம்பளம் வருகிற கணக்கை யுபிஐயிலிருந்து பிரித்துவிடு. செலவுக்கு வேறொரு கணக்கு வைத்து வாராவாரம் அதில் கொஞ்சம் போட்டுக்கொள். வங்கிச் செயலியில் தினசரி வரம்பைக் குறை. பெட் கட்ட உனக்கு ஐடி கொடுத்த ஆளின் எண்ணையும் குழுக்களையும் தடை செய். போன் ராத்திரியில் வேறு அறையில் சார்ஜ் ஆகட்டும். அந்த ஐடியில் இன்னும் பணம் மாட்டிக்கொண்டிருந்தால், அதை எடுக்கிறேன் என்று திரும்ப உள்ளே போகாதே. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நடத்துவதையே 2025-இல் மத்திய அரசு தடை செய்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து திருட்டுத்தனமாக நடத்துகிறவன் பணம் தராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? போனது போனதாக இருக்கட்டும்.

மனநல மருத்துவரிடம் போக வேண்டும் என்றால் நானும் வருகிறேன். எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் பேச்சு சிகிச்சைக்குப் பலன் உண்டு என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். மருந்து தேவையா என்பதை மருத்துவர் சொல்வார். முதலில் போனில் பேசினால் போதும் என்று தோன்றினால் அரசின் டெலிமானஸ் எண் 14416. எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. கடன் நெருக்கி, உயிரோடு இருந்து என்ன என்கிற மாதிரி ஒரு எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால் அந்த எண்ணையோ என்னையோ அந்த நிமிஷமே கூப்பிடு. மணி பார்க்காதே. கட்டித் தீர்க்க முடியாத கடன் என்று ஒன்று இல்லை.

நீ இதற்காக வாங்கிய கடனைப் பற்றி நான் யோசித்து வைத்திருப்பதையும் சொல்லிவிடுகிறேன். உன் கையில் பணமாகத் தர மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. கடனை ஒரேயடியாக அடைத்துக் கையைக் காலியாக விட்டால், விட்டதைப் பிடிக்க இன்னொரு முதல் கொடுத்தது மாதிரி ஆகிவிடும் என்பது இந்தக் கோளாறைப் பார்க்கிற மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது. யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று ஒரு தாளில் முழுசாக எழுது. ஒன்றையும் மறைக்காமல் எழுதினால் போதும், ஏன் வாங்கினாய் என்று நான் கேட்கப் போவதில்லை. வட்டி அதிகமானதிலிருந்து ஆரம்பித்து, கொடுத்தவருக்கே நேரடியாக மாதாமாதம் கட்டுவோம். உன் சம்பளத்திலிருந்து ஒரு பங்கு, என் பென்ஷனிலிருந்து ஒரு பங்கு. அம்மாவிடம் எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை நீயே முடிவு செய். நான் முந்திக்கொள்ள மாட்டேன்.

நடுவில் ஒரு ராத்திரி சறுக்கினாலும் மறுநாள் சொல். சறுக்கல் வரும் என்பதும் மருத்துவர்களுக்குத் தெரிந்ததுதான். அதற்காக நான் போட்ட கணக்கு எதுவும் மாறாது. வருகிற ஞாயிறு காலை ரயிலில் அங்கே வருகிறேன். அந்தத் தாளை எழுதி முடிக்காமல் இருந்தாலும் பரவாயில்லை, உட்கார்ந்து சேர்ந்தே எழுதிக்கொள்வோம்.

அன்புடன்,
அப்பா